தீபாவளிக்கு மதுரை ஃப்ளைட்: எப்போது போட்டுவிட வேண்டும், எப்போது பொறுக்கலாம்

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் வேலை பார்க்கும் தென்மாவட்டக்காரர்கள் எல்லோரும் நவம்பர் 6 வெள்ளி சாயங்காலமும் 7 சனிக்கிழமையும் ஒரே திசையில் கிளம்புவார்கள். ரயில் கிடைக்காதவர்கள், பஸ்ஸில் பத்து மணி நேரம் உட்கார முடியாதவர்கள், முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்கள் ஃப்ளைட் பக்கம் திரும்புவார்கள். மற்ற நாளில் ஒரு வழிக்கு மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் வழித்தடத்தில் அப்போது அதைப்போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை திரையில் நிற்கும். இப்போதே போடுவதா, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த ஃப்ளைட், எந்த நாள், கையில் வேறு டிக்கெட் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

முதலில் விமானத்தின் அளவைப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் போகும் சேவைகளில் பல, இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் விமானங்கள். இண்டிகோ ஓட்டும் ஏடிஆரில் 78 சீட்டுதான். டெல்லி, மும்பை போகும் ஏர்பஸ் ஏ320-ல் 180-க்கும் மேல். இந்த வித்தியாசம்தான் விலை ஏறும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய விமானத்தில் ஒரு குடும்பம் நாலு டிக்கெட் எடுத்தால் விலை அசையாமல் இருக்கலாம். 78 சீட்டு விமானத்தில் அதே நாலு டிக்கெட் அடுத்தவருக்கு விலையை ஏற்றிவிடும். புக்கிங் பக்கத்தில் விமானத்தின் வகை எழுதியிருக்கும். அதில் ATR என்று இருந்தால் பொறுக்கும் யோசனையை அங்கேயே பாதி விட்டுவிடலாம்.

ஏன் அப்படி என்பதற்கு, ஒரு விமானத்தின் சீட்டுகளை எப்படி விற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எல்லா சீட்டுக்கும் ஒரே விலை போடுவதில்லை. ஒரே மாதிரி சீட்டுகளைப் பத்துப் பன்னிரண்டு விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு தீர்ந்ததும் அடுத்த அடுக்கு. மற்ற நாட்களில் கீழ் அடுக்குகளில் நிறைய சீட்டு இருக்கும். தீபாவளி, பொங்கல் நாட்களில் கீழ் அடுக்கை முதலிலேயே மூடிவிட்டு நடுவிலிருந்துதான் தொடங்குவார்கள். போன வருடம் இந்தத் தேதியில் எத்தனை பேர் என்ன விலைக்குப் போனார்கள் என்பது அவர்கள் கணினியில் இருக்கிறது. ஆகவே நாலு மாதம் முன்பே போனாலும் திருவிழா நாளுக்கு மலிவு விலை கிடைப்பதில்லை. நியாயமான நடு விலை கிடைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த அடுக்குகளை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நவம்பர் 7-க்கு ஒரு பயணி என்று போட்டுத் தேடுங்கள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண் எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 5,400. இருவருக்குத் தேடினாலும் தலைக்கு 5,400. மூன்று பேர் என்றதும் தலைக்கு 7,900 ஆகிவிடுகிறது. அப்படியென்றால் கீழ் அடுக்கில் இரண்டே சீட்டுதான் மிச்சம். ஒரே பிஎன்ஆரில் நாலு பேர் போட்டால் நாலு சீட்டும் சேர்ந்து கிடைக்கும் அடுக்கின் விலையைத்தான் எல்லோருக்கும் போடும். மொத்தம் 31,600. அதையே இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட்டால் முதல் ஜோடிக்கு 10,800, அடுத்த ஜோடிக்கு 15,800, ஆக 26,600. அதே விமானம், அதே சீட்டுகள், 5,000 ரூபாய் மிச்சம். கன்வீனியன்ஸ் ஃபீ தலைக்கு இவ்வளவு என்றுதான் போடுகிறார்கள் என்பதால் பிரிப்பதால் அங்கே நஷ்டமில்லை.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பிஎன்ஆரிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், குழந்தைகளை மட்டும் தனியாகப் போட முடியாது. விமானம் ரத்தாகி வேறு விமானத்துக்கு மாற்றும்போது, இரண்டு பிஎன்ஆரும் ஒரே குடும்பம் என்று கணினிக்குத் தெரியாது. பாட்டி ஒரு விமானத்திலும் பேரன் இன்னொன்றிலும் போக நேரலாம். நடக்க உதவி தேவைப்படுபவர் கூட வந்தால், அவரையும் அவருக்குத் துணையாக இருப்பவரையும் ஒரே பிஎன்ஆரில் வையுங்கள்.

இந்தத் தேடல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். சில சமயம் ஒருவருக்குத் தேடினாலும் ஆறு பேருக்குத் தேடினாலும் விலை ஒன்றாகவே இருக்கும், அன்றைய மற்ற ஃப்ளைட்டுகளும் கிட்டத்தட்ட அதே விலையில் நிற்கும். விலை குறைவாக இருக்கும்போது அப்படித் தெரிந்தால் சீட்டு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். விலை உச்சத்தில் இருக்கும்போது அப்படித் தெரிந்தால், எல்லாமே மேல் அடுக்குக்குப் போய்விட்டது. இந்தியாவில் 1994-க்குப் பிறகு சாதாரண காலத்தில் விமானக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஆனால் வழித்தடவாரியாகக் கட்டண அட்டவணையைத் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று நிறுவனங்களுக்கு, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதி வைத்திருக்கிறது. தளத்தின் அடிப்பகுதியில் டாரிஃப் ஷீட் என்று ஒரு இணைப்பு இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை–மதுரைக்கு மேல் எல்லை என்ன என்பது அதில் இருக்கும். வரி, விமான நிலையக் கட்டணங்கள் தனி.

திரையில் தெரியும் விலை அந்த எல்லையைத் தொட்டுவிட்டது என்றால் நிலைமை தலைகீழ். இனி ஏறுவதற்கு இடமில்லை, அதனால் பொறுப்பதில் விலை ஆபத்து குறைவு. சீட்டே தீர்ந்துபோகும் ஆபத்து மட்டும்தான் மிச்சம். நடு அடுக்கில் நிற்கும் விலைக்குப் பொறுப்பதுதான் முட்டாள்தனம், அது போக வேண்டிய திசை மேலேதான். ஊரில் பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். ஆறாயிரமாக இருக்கும்போது "குறையும், பார்ப்போம்" என்று விட்டுவிட்டு, பதினைந்தாயிரம் ஆனதும் பயந்துபோய் வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது தேதி. தீபாவளி ஃப்ளைட் விலையைத் தீர்மானிப்பதில் ரயில் முன்பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயிலில் 60 நாள் முன்பாகத்தான் டிக்கெட் எடுக்க முடியும், அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். நவம்பர் 6 வெள்ளிக்கிழமை பயணத்துக்கு செப்டம்பர் 7 திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கும். சனிக்கிழமைக்கு செப்டம்பர் 8, ஞாயிறு இரவு திரும்ப செப்டம்பர் 9, திங்கள் திரும்ப 10. பாண்டியன், நெல்லை, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் அந்த நாட்களுக்கான இடம் சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். திறக்கும் நாளில் ஐஆர்சிடிசி கணக்கு ஆதார் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதை ஆகஸ்டிலேயே முடித்து வையுங்கள், எட்டு மணிக்கு ஓடிபி வராமல் திண்டாடுவதில் பயனில்லை.

அன்று காலை எட்டரைக்கு ரயில் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த சில நாட்களில் 78 சீட்டு விமானங்களின் நடு அடுக்குகள் இவர்களால்தான் தீர்கின்றன. ஆகவே ஃப்ளைட்டில்தான் போவது என்று முடிவெடுத்தவர்களுக்கு என் யோசனை, ஆகஸ்ட் கடைசியில் விலையைப் பார்த்து, நடு அடுக்கில் இருந்தால் செப்டம்பர் 7-க்கு முன்பே போட்டுவிடுவது. அதற்கு மேல் பொறுக்க வேண்டும் என்றால் கையில் ஒரு ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பொறுக்க வேண்டும்.

இந்தக் காப்புக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு மலிவு என்று தெரியும். உறுதியான மூன்றடுக்கு ஏசி டிக்கெட்டைப் பயணத்துக்குப் பல நாள் முன்பே ரத்து செய்தால் தலைக்கு 180 ரூபாயும் அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். நாலு பேருக்கு 756 ரூபாய். இதையே ஃப்ளைட்டில் செய்ய முடியாது. சாதாரணக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் தலைக்கு மூவாயிரத்துக்கு மேல் அல்லது அடிப்படைக் கட்டணம் முழுதும், இரண்டில் எது குறைவோ அது போய்விடும். டிஜிசிஏ விதிப்படி வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தாக வேண்டும். 5,400 ரூபாய் டிக்கெட்டில் அது சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்குள் வந்து நிற்கும். அதனால் ரயிலைக் காப்பாக வைத்து ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கலாம். ஃப்ளைட்டைக் காப்பாக வைத்து ரயிலுக்குக் காத்திருப்பது காசைக் கரியாக்குவது.

சரி, காப்பு கையில் இருக்கிறது. எதற்காகக் காத்திருப்பது? விலை தானாக இறங்காது. புதிதாக சீட்டு வந்தால்தான் இறங்கும். அதற்கு இரண்டு வழி உண்டு. விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்று தொடங்குகிறது, 2026-ல் அது அக்டோபர் 25. இந்தத் தீபாவளி அதற்கு இரண்டு வாரம் கழித்து வருவதால், நவம்பர் 6, 7 ஃப்ளைட்டுகள் எல்லாம் குளிர்கால அட்டவணையைச் சேர்ந்தவை. அந்த அட்டவணை இறுதியாகும் முன்பே டிக்கெட் விற்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நேரம் மாறும், சில சேவைகள் சேரும், சில காணாமல் போகும். செப்டம்பர், அக்டோபரில் வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தால், முன்பு இல்லாத ஒரு ஃப்ளைட் எண் திடீரென்று பட்டியலில் நிற்பதைக் காணலாம். அல்லது ATR என்றிருந்த இடத்தில் A320 என்று மாறியிருக்கும். அந்த முதல் ஒன்றிரண்டு நாளில் கீழ் அடுக்குகள் திறந்திருக்கும். பொறுத்தவருக்குப் பலன் கிடைக்கும் நேரம் அதுதான்.

இன்னொரு வழி, திருவிழாவுக்கென்றே விடும் கூடுதல் விமானங்கள். 2025 தீபாவளிக்கு டிஜிசிஏ கேட்டுக்கொண்டதன்பேரில் இண்டிகோ, ஏர் இந்தியா குழுமம், ஸ்பைஸ்ஜெட் மூன்றும் சேர்ந்து நாடு முழுக்க 1,700-க்கும் மேற்பட்ட கூடுதல் சேவைகளை அறிவித்தன. அறிவிப்பு வந்தது அக்டோபர் தொடக்கத்தில், அந்த வருடத் தீபாவளி 20-ஆம் தேதி. அதாவது கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பு. எண் பெரிதாகத் தெரிந்தாலும் இதை நம்பி உட்காரக் கூடாது. டெல்லி, மும்பையை ஒட்டிய பெரிய வழித்தடங்களுக்குத்தான் விமானத்தைத் திருப்பிவிட ஆசைப்படுவார்கள். அங்கே நூற்றி எண்பது சீட்டும் நிரம்பும்.

மதுரைக்கு ஏன் தயங்குவார்கள் என்றால், சனிக்கிழமை சென்னையிலிருந்து நிரம்பி வழிந்து போகும் விமானம் மதுரையிலிருந்து திரும்பும்போது காலியாக வரும். தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னைக்கு யார் போவார்கள்? போகிற 78 பேர் திரும்பி வரும் காலி விமானத்தின் எரிபொருளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். எல்லோரும் கொள்ளை என்று திட்டும் விலையில் ஒரு பகுதி இது. கொள்ளையே இல்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் இந்தக் கணக்கும் உள்ளே இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு வழி தெரியும். பெற்றோர் இருவர்தான் ஊரில் இருக்கிறார்கள், சென்னையில் நாலு பேர் என்றால், அந்த இருவரை சனிக்கிழமை சென்னைக்கு அழைத்துக்கொள்வது மலிவு. காலியாக வரும் விமானத்தின் கீழ் அடுக்கு கடைசி வாரம் வரைக்கும் திறந்திருக்கும். இந்தத் திசைக்குப் பொறுப்பதில் பயமில்லை. ஊர்த் தீபாவளி வேண்டும் என்பவர்களுக்கு இது பதிலாகாது, தெரியும்.

திரும்பி வரும் டிக்கெட் தனிக் கதை. 2023-லும் தீபாவளி ஞாயிறு, நவம்பர் 12. தமிழக அரசு மறுநாள் திங்களை விடுமுறையாக அறிவித்து, அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. 2024-ல் வியாழக்கிழமை தீபாவளிக்கு வெள்ளி, 2025-ல் திங்கள் தீபாவளிக்குச் செவ்வாய் என்று அதே வழக்கம் தொடர்ந்தது. அறிவிப்பு தீபாவளி நெருங்கும்போதுதான் வரும். அது வரும்வரை விமான நிறுவனத்தின் கணினி ஞாயிறு இரவையும் திங்கள் காலையையும் உச்சமாக வைத்திருக்கும். அறிவிப்பு வந்த அன்று மாலையே கூட்டம் திங்கள் இரவுக்கும் செவ்வாய் காலைக்கும் நகரும். அதனால் ஒன்று, செவ்வாய் காலை முதல் ஃப்ளைட்டை அறிவிப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள், அப்போது அது சாதாரண வேலைநாள் விலையில் இருக்கும். அல்லது ஞாயிறு சாயங்காலமே திரும்பியாக வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால் அறிவிப்பு வரும்வரை பொறுங்கள், அதன் பிறகு ஞாயிறு விலை இளகும். போகவும் வரவும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுக்கும் பழக்கத்தை இதற்காகவே விட்டுவிடலாம். உள்நாட்டில் இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் கூடுதல் செலவில்லை.

பணம் கட்டும் நேரத்தில் நடக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 5,400 என்று பார்த்து உள்ளே போனால் கட்டும் பக்கத்தில் 7,900 என்று வருகிறது. தளம் நம்மைக் கண்காணித்து ஏற்றிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள், பிரவுசரில் மறைநிலை ஜன்னல் திறந்து முயல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் எளிது. ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் சற்று முன் சேமித்த பழைய விலையைக் காட்டுகின்றன. அல்லது வேறொருவர் அந்தக் கடைசி இரண்டு சீட்டை எடுத்துக் கட்டும் பக்கத்தில் நிற்கிறார். அவர் கட்டாமல் போனால் சிறிது நேரத்தில் சீட்டு மறுபடி கீழ் அடுக்குக்கே திரும்பும். அரை மணி நேரம் விட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மறுபடி தேடுங்கள். யுபிஐ-யில் பணம் போய் டிக்கெட் வராமல் தொங்கினால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முதல் புக்கிங் பத்து நிமிடம் கழித்து உறுதியாகி, ஒரே பெயரில் இரண்டு டிக்கெட் ஆகிவிடும், ஒன்றை ரத்து செய்யும் செலவு உங்கள் தலையில்.

நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 முதல் ஒரு டிஜிசிஏ விதி இருக்கிறது. பயணம் ஏழு நாளுக்கு மேல் தள்ளி இருந்தால், டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று அது ஆரம்பித்தது. இந்த நேரத்தை 48 மணியாக நீட்டும் வரைவை 2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்டது. எடுக்கும் நாளில் நடப்பிலிருக்கும் விதியை டிக்கெட் பக்கத்தில் படித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6 ஞாயிறு காலை பத்து மணிக்கு ஃப்ளைட் போட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு ரயில் முயன்று, ரயில் கிடைத்தால் பத்து மணிக்குள் ஃப்ளைட்டை ரத்து செய்யலாம். வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர்களுக்கு இந்த 24 மணி நேரமே போதும். சனிக்கிழமை பயணத்துக்கு இதையே ஒரு நாள் தள்ளிச் செய்யுங்கள்.

அட்டவணை மாறி உங்கள் ஃப்ளைட்டின் நேரத்தை நிறுவனமே பெரிதாகத் தள்ளினால், கட்டணமில்லாமல் வேறு ஃப்ளைட்டுக்கு மாறலாம், வேண்டாமென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த எஸ்எம்எஸ் அக்டோபரில் வரும். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்து எடுத்திருந்தால் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு விமான நிலையத்தில்தான் தெரியும்.

மதுரை கிடைக்கவில்லை என்றால் திருச்சியைத் தேடுங்கள், அங்கிருந்து மதுரை 135 கிலோமீட்டர் போல, இரண்டரை மணி நேர பஸ். திருநெல்வேலிக்காரர்களுக்குத் தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையமே பக்கம். அங்கே 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையும் நீட்டப்பட்டிருப்பதால் ஏர்பஸ் வர வாய்ப்புள்ள இடம் என்று கண் வைத்திருக்கலாம். நாகர்கோவிலுக்குத் திருவனந்தபுரம். பெங்களூர் சுற்றிப் போகும் இணைப்பு சில நாள் நேர் ஃப்ளைட்டைவிட மலிவாகக் காட்டும். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் எடுக்கலாம். இரண்டு தனி டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

தீபாவளி அன்று காலை ஃப்ளைட்டின் விலையையும் ஒருமுறை பாருங்கள். சனிக்கிழமை பதினைந்தாயிரத்தில் நிற்கும் அதே வழித்தடம் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாதிக்கும் கீழே இருக்கும். எண்ணெய்க் குளியல் விடியற்காலையில் முடிந்துவிடும், அதற்கப்புறம் போய் இறங்குவதற்கு யாரும் உச்ச விலை தருவதில்லை. இந்த ஒரு ஃப்ளைட்டுக்கு மட்டும் கடைசி வாரம் வரை தாராளமாகப் பொறுக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தால் போதும் என்று அம்மா ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.